ஸ்லைட்டில் உள்ள உட்புள்ளிப் பட்டியலை அட்டவணையாக்குவது: ஒரு மட்டத்துக்கு ஒரு நிரல்

எங்கள் கடைக்கு வருகிற வேலைகளில் பாதி போட்டோக் கொப்பி, மீதி தட்டச்சு. போன வருடம் ஒரு டீச்சர் பென் டிரைவோடு வந்தார். பிள்ளைகளைத் திருகோணமலையைச் சுற்றிக் காட்டப் போகிறார்களாம். எங்கே போகலாம், அங்கே என்ன பார்க்கலாம் என்று பவர்பாயின்டில் புள்ளி புள்ளியாக எழுதி வைத்திருந்தார். “தம்பி, இதை ஒரு அட்டவணையாகப் போட்டு நாற்பது கொப்பி எடுத்துத் தாங்கோ” என்றார்.

பத்து நிமிட வேலை என்று நினைத்து எடுத்தேன். கொப்பியைக் கொண்டுபோன டீச்சர் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். “எப்பயிருந்து தம்பி உப்புவெளிக் கடற்கரையில வெந்நீர்க் கிணறு?”

கன்னியாவில் இருக்கிற கிணறுகளை நான் கடற்கரைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தேன். நாற்பது தாளும் வீண். அது எப்படி நடந்தது, நடக்காமல் எப்படிச் செய்வது என்பதை இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். எக்செலில் ஒரு கலத்தில் எழுதத் தெரிந்தால் போதும். லிப்ரே ஆபிஸ் கல்க் வைத்திருப்பவர்களுக்கும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும்.

முதலில் பட்டியல்

டீச்சரின் ஸ்லைட்டைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்.

- நகருக்குள்
  - பிரெட்ரிக் கோட்டை
    - புள்ளிமான்கள்
    - கோணேஸ்வரர் கோயில்
    - இராவணன் வெட்டு
  - டச்சு விரிகுடாக் கடற்கரை
- கன்னியாப் பக்கம்
  - கன்னியா
    - 7 வெந்நீர்க் கிணறுகள்
- நிலாவெளி வீதி
  - உப்புவெளிக் கடற்கரை
  - நிலாவெளி
    - கடற்கரை
    - புறாத்தீவுக்குப் படகு

மொத்தம் 14 வரிகள், மூன்று மட்டங்கள். இடது ஓரத்தில் நிற்பது முதல் மட்டம், ஒருபடி உள்ளே தள்ளி நிற்பது இரண்டாவது, இன்னும் உள்ளே நிற்பது மூன்றாவது. நமக்கு வேண்டியது மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணை: பக்கம், இடம், பார்க்க வேண்டியது. (நிரல் மேலிருந்து கீழே போவது, நிரை இடமிருந்து வலம் போவது. இது எனக்கே அடிக்கடி மாறிப்போகும்.)

ஸ்லைட்டில் “புள்ளிமான்கள்” என்ற வரி தனியாக நிற்பதில்லை. மேலே “பிரெட்ரிக் கோட்டை” இருப்பதால்தான் அது எந்த இடத்து மான் என்று தெரிகிறது. அட்டவணையில் ஒவ்வொரு நிரையும் தன் காலில் நிற்க வேண்டும். நகருக்குள், பிரெட்ரிக் கோட்டை, புள்ளிமான்கள் என்று மூன்றும் அதே நிரையில் இருக்க வேண்டும். ஆகவே மேலே ஒருமுறை சொன்ன பெயரைக் கீழே உள்ள ஒவ்வொரு வரிக்கும் இறக்கிக் கொடுப்பதுதான் இந்த வேலை. எங்கே இறக்குவதை நிறுத்துவது என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

ஸ்லைட்டைச் சோதிப்பது

நகல் எடுக்கும் முன் ஸ்லைட்டை ஒருதரம் பாருங்கள். சிலர் உட்புள்ளி வைக்கத் தெரியாமல் இடைவெளிப் பட்டையை நாலு தரம் அழுத்தி வரியை உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டாம் மட்டம் போலத் தெரியும், பவர்பாயின்டுக்கு அது முதல் மட்டம்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். அந்த வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து `Shift+Tab` அழுத்துங்கள். உண்மையான உட்புள்ளி என்றால் ஒருபடி வெளியே வரும். பிறகு `Ctrl+Z` கொடுத்துப் பழைய இடத்துக்கே விடலாம். வரி அசையவில்லை என்றால் அது இடைவெளியால் போட்ட வேஷம். அந்த இடைவெளிகளை அழித்துவிட்டு `Tab` ஒன்று போட்டால் சரி.

இன்னொன்று, `View` பட்டியில் `Outline View` என்று இருக்கிறது. அதைத் திறந்தால் எல்லா ஸ்லைட்டின் எழுத்தும் இடப்பக்கம் ஒரே ஓட்டமாக வரும், மட்டங்களும் அப்படியே தெரியும். ஸ்லைட்டில் இருக்கிற ஒரு பகுதி அங்கே வரவில்லை என்றால், அது தனியாகச் சொருகிய எழுத்துப் பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். `Outline View` அப்படியான பெட்டிகளைக் காட்டாது. அவற்றை ஸ்லைட்டிலேயே போய்த் தனியாக நகல் எடுக்க வேண்டும்.

எக்செலுக்குக் கொண்டுவருவது

புதிய தாளில் முதல் நிரையை வெறுமையாக விடுங்கள். பட்டியலை நகல் எடுத்து B2 கலத்தில் ஒட்டுங்கள். ஒட்டும்போது வடிவமைப்பு வேண்டாம், `Match Destination Formatting` போதும். 14 வரியும் B2 முதல் B15 வரை ஒன்றன்கீழ் ஒன்றாக விழ வேண்டும்.

விழுந்த பிறகு எண்ணிப் பாருங்கள். 15 வந்தால், ஸ்லைட்டில் யாரோ ஒரு புள்ளிக்குள் `Shift+Enter` அடித்து வரியை உடைத்திருக்கக் கூடும். அந்த இரண்டு துண்டையும் ஒரே கலத்தில் சேர்த்துவிடுங்கள். வரியின் முன்னால் புள்ளிக் குறியும் சேர்ந்து வந்திருந்தால் `Ctrl+H` போட்டு அதை நீக்குங்கள்.

சில நேரம் உட்புள்ளிகள் தாமாகவே C, D நிரல்களில் பிரிந்து விழும். உள்தள்ளல் `Tab` எழுத்தாக வந்தால் இப்படி நடக்கும். பார்க்க அட்டவணை முடிந்த மாதிரி இருக்கும், ஆனால் முடியவில்லை. வெற்றுக் கலங்கள் அப்படியேதான் நிற்கும். எந்த நிரலில் விழுந்ததோ அதுதான் அந்த வரியின் மட்டம் என்று குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் B நிரலுக்கு இழுத்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் அடிக்கடி வரும் தலையிடி ஒன்றும் இருக்கிறது. ஒட்டியதும் “திருகோணமலை” என்று வர வேண்டிய இடத்தில் `jpUNfhzkiy` என்று வந்து நிற்கும். கோப்பு பழுதாகவில்லை, ஸ்லைட் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான் சேமிக்கிறது, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. எக்செல் தன்னுடைய எழுத்துருவுக்கு மாற்றியதும் வேஷம் கலைந்துவிடும். கலங்களைத் தேர்ந்து பாமினியைத் தெரிவு செய்தால் தமிழ் திரும்பும், கீழே வரும் சூத்திரமும் வேலை செய்யும். ஆனால் அகர வரிசைப்படி அடுக்கினால் ஆங்கில எழுத்து வரிசையில்தான் அடுக்கும். அட்டவணையை இன்னொருவருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே யுனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

மட்டத்தை எண்ணாக எழுதுவது

இப்போது A நிரலில், ஒவ்வொரு வரிக்கும் நேரே அதன் மட்டத்தை எண்ணாக அடியுங்கள். நகருக்குள் என்பதற்கு 1, பிரெட்ரிக் கோட்டைக்கு 2, புள்ளிமான்களுக்கு 3. பக்கத்தில் ஸ்லைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே அடித்துக்கொண்டே வரலாம். நம் பட்டியலுக்கு A2 முதல் A15 வரை இப்படி வரும்:

1, 2, 3, 3, 3, 2, 1, 2, 3, 1, 2, 2, 3, 3

கையால் அடிப்பதா என்று சிரிக்க வேண்டாம். ஐம்பது வரிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நீங்களே ஒவ்வொரு வரியையும் பார்த்து மட்டம் சொல்வதால் ஸ்லைட்டில் இருக்கும் பிழையும் கண்ணில் படும். நூற்றுக்கணக்கான வரி என்றால் கடைசியில் ஒரு மேக்ரோ தருகிறேன்.

அடுத்து C1, D1, E1 கலங்களில் 1, 2, 3 என்று எண்களை மட்டும் எழுதுங்கள். தலைப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இப்போது சூத்திரத்துக்கு அந்த எண்கள் வேண்டும்.

நான் செய்த பிழை

அன்றைக்கு நான் சூத்திரம் எதுவும் போடவில்லை. வரிகளை அவரவர் நிரலில் வைத்துவிட்டு, பலரும் செய்கிற குறுக்குவழியைச் செய்தேன். `F5` அழுத்தி, `Special` போய், `Blanks` தெரிவு செய்து, சமன் குறியும் மேல் அம்பும் போட்டு `Ctrl+Enter`. வெறுமையாக இருந்த எல்லாக் கலமும் தனக்கு மேலே இருப்பதை எடுத்துக்கொண்டது. நொடியில் தாள் நிறைந்துவிட்டது, பார்க்க அழகாகவும் இருந்தது.

உப்புவெளி வரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். “உப்புவெளிக் கடற்கரை” இரண்டாம் மட்டம். அதற்குக் கீழே டீச்சர் உட்புள்ளி எதுவும் எழுதவில்லை. ஆகவே மூன்றாம் நிரல் வெறுமையாக இருந்தது, வெறுமையாகவே இருக்கவும் வேண்டும். குறுக்குவழிக்கு அது தெரியாது. வெறுமை கண்டதும் மேலே பார்த்தது. மேலே “நிலாவெளி வீதி” வரியிலும் மூன்றாம் நிரல் வெறுமை, அதற்கும் மேலே “7 வெந்நீர்க் கிணறுகள்”. அது அப்படியே வழிந்து கீழே வந்துவிட்டது. அதே முறையில் இராவணன் வெட்டும் டச்சு விரிகுடாக் கடற்கரைக்கு இறங்கியிருந்தது. அதை டீச்சர்கூடக் கவனிக்கவில்லை.

வெறுமையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன பெயரே இங்கும் பொருந்தும் என்பதால் வந்த வெறுமை. அதை நிரப்ப வேண்டும். மற்றது, இங்கே சொல்ல எதுவும் இல்லை என்பதால் வந்த வெறுமை. அதைத் தொடக் கூடாது. கலத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மட்டத்தின் எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சூத்திரம்

C2 கலத்தில் இதை அடியுங்கள்:

```
=IF($A2=C$1,$B2,IF($A2<C$1,"",C1))
```

தமிழில் சொன்னால் இப்படி. இந்த வரியின் மட்டமும் இந்த நிரலின் எண்ணும் ஒன்றா? அப்படியென்றால் வரியின் எழுத்தை இங்கே போடு. வரியின் மட்டம் நிரலின் எண்ணைவிடச் சிறியதா? அப்படியென்றால் புதிய கிளை தொடங்கிவிட்டது, பழையதை மறந்து வெறுமையாக விடு. இரண்டும் இல்லையென்றால் மேலே உள்ளதை இறக்கிக்கொள். நடுவில் இருக்கிற அந்த “மறந்துவிடு” என்ற பகுதிதான் குறுக்குவழியில் இல்லாதது.

டொலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். `$A2` என்றால் வலப்பக்கம் இழுத்தாலும் A நிரலையே பார்க்கும். `C$1` என்றால் கீழே இழுத்தாலும் முதல் நிரையின் எண்ணையே பார்க்கும். கடைசியில் வரும் `C1` இல் டொலர் இல்லை, ஏனென்றால் அது எப்போதும் தனக்கு நேர் மேலே உள்ள கலத்தைப் பார்க்க வேண்டும்.

C2 ஐ E2 வரை வலப்பக்கம் இழுங்கள், பிறகு மூன்றையும் சேர்த்து 15ஆம் நிரை வரை கீழே இழுங்கள். உப்புவெளி 12ஆம் நிரையில் இருக்கிறது. அதன் மட்டம் 2. C12 இல் நிரல் எண் 1, மட்டம் அதைவிடப் பெரியது, ஆகவே மேலிருந்து “நிலாவெளி வீதி” இறங்கும். D12 இல் இரண்டும் சமன், ஆகவே “உப்புவெளிக் கடற்கரை”. E12 இல் மட்டம் 2, நிரல் எண் 3, சிறியது, ஆகவே வெறுமை. கிணறுகள் கன்னியாவிலேயே நின்றுவிடும்.

இந்த நிலையில் கண்ணால் ஒரு சோதனை. D வெறுமையாக இருக்க E நிறைந்திருக்கிற நிரை ஏதாவது உண்டா? இருந்தால் முதல் மட்டத்திலிருந்து நேரே மூன்றாம் மட்டத்துக்கு யாரோ குதித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அழகுக்காக ஒரு `Tab` கூடுதலாக அடித்ததாகத்தான் இருக்கும். A நிரலில் 3 ஐ 2 ஆக்கினால் தானே சரியாகும். C2 இல் பெயருக்குப் பதில் 1 என்ற எண் தெரிந்தால், பட்டியலின் முதல் வரிக்கே மட்டம் 1 என்று போடவில்லை என்று பொருள்.

தேவையான நிரைகளை மட்டும் எடுப்பது

இப்போது 14 நிரை இருக்கிறது, ஆனால் அட்டவணைக்கு 14 தேவையில்லை. “நகருக்குள்” என்று மட்டும் சொல்லி மற்ற இரண்டு கலமும் வெறுமையாக இருக்கிற நிரை நமக்கு எதற்கு? அந்தப் பெயர் அதற்குக் கீழே உள்ள நிரைகளில் ஏற்கெனவே வந்துவிட்டது. தனக்குக் கீழே உட்புள்ளி இல்லாத வரிகள் மட்டும் போதும்.

மூன்றாம் மட்டத்தை மட்டும் வடிகட்டினால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள், டச்சு விரிகுடாவும் உப்புவெளியும் காணாமல் போய்விடும். அவை இரண்டாம் மட்டத்திலேயே முடிகிற வரிகள். அடுத்த வரியின் மட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். F2 இல் இதை அடித்துக் கீழே இழுங்கள்:

```
=IF(A3>A2,0,1)
```

அடுத்த வரி இதைவிட உள்ளே இருந்தால் இதற்கு உட்புள்ளி உண்டு, 0. இல்லையென்றால் 1. கடைசி வரிக்குக் கீழே கலம் வெறுமை, எக்செல் அதை 0 என்று எடுத்துக்கொள்வதால் அதற்கும் 1 சரியாக வரும்.

F1 இல் ஏதாவது ஒரு தலைப்பு எழுதி `Filter` போட்டு 1 ஐ மட்டும் காட்டுங்கள். நம் பட்டியலுக்கு 8 நிரைகள் நிற்க வேண்டும். C முதல் E வரை தேர்ந்து நகல் எடுத்து, புதிய தாளில் `Paste Special` போய் `Values` என்று ஒட்டுங்கள். சூத்திரமாக ஒட்டக் கூடாது, பழைய தாளிலேயே அடுக்கவும் கூடாது. ஒவ்வொரு கலமும் தனக்கு மேலே உள்ளதை நம்பி நிற்கிறது. நிரைகள் இடம் மாறினால் கிணறுகள் மறுபடி ஊர் சுற்றப் போய்விடும்.

முதல் நிரையில் 1, 2, 3 க்குப் பதில் தலைப்புகளை எழுதினால் வேலை முடிந்தது.

| பக்கம் | இடம் | பார்க்க |
|---|---|---|
| நகருக்குள் | பிரெட்ரிக் கோட்டை | புள்ளிமான்கள் |
| நகருக்குள் | பிரெட்ரிக் கோட்டை | கோணேஸ்வரர் கோயில் |
| நகருக்குள் | பிரெட்ரிக் கோட்டை | இராவணன் வெட்டு |
| நகருக்குள் | டச்சு விரிகுடாக் கடற்கரை | |
| கன்னியாப் பக்கம் | கன்னியா | 7 வெந்நீர்க் கிணறுகள் |
| நிலாவெளி வீதி | உப்புவெளிக் கடற்கரை | |
| நிலாவெளி வீதி | நிலாவெளி | கடற்கரை |
| நிலாவெளி வீதி | நிலாவெளி | புறாத்தீவுக்குப் படகு |

ஸ்லைட்டுக்குப் போய், கீழே உட்புள்ளி இல்லாத வரிகளை விரலால் எண்ணுங்கள். அங்கேயும் 8 வந்தால்தான் அச்சுக்குக் கொடுக்கலாம்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது அச்சில் நன்றாக இல்லை என்று டீச்சர் சொன்னார். நியாயம்தான். அதற்காகக் கலங்களை `Merge` செய்யாதீர்கள், பிறகு வடிகட்டவோ அடுக்கவோ முடியாமல் கஷ்டப்படுவீர்கள். புதிய தாளில் A2 முதல் A9 வரை தேர்ந்து, `Conditional Formatting` இல் கீழே உள்ள முதல் சூத்திரத்தைக் கொடுத்து எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்குங்கள். B2 முதல் B9 வரை இரண்டாவதைக் கொடுங்கள்.

```
=$A2=$A1
=AND($A2=$A1,$B2=$B1)
```

பெயர் உள்ளே இருக்கும், தாளில் தெரியாது. இரண்டாவதில் A நிரலையும் சேர்த்துப் பார்ப்பது ஏனென்றால், வேறு பக்கத்தில் அதே பெயரில் ஓர் இடம் அடுத்த நிரையாக வந்தால் அது மறைந்துவிடக் கூடாது.

வரிகள் நிறைய என்றால்

பவர்பாயின்டில் `Alt+F11` அழுத்தி, `Insert` போய் `Module` எடுத்து இதை ஒட்டி, `F5` அழுத்துங்கள். மட்டம் A நிரலிலும் எழுத்து B நிரலிலும் தானாக வந்து விழும்.

```
Sub ListToExcel()
  Dim xl, s, sh, p, r
  Set xl = CreateObject("Excel.Application")
  xl.Visible = True
  xl.Workbooks.Add
  r = 2
  For Each s In ActivePresentation.Slides
    For Each sh In s.Shapes
      If sh.HasTextFrame Then
        For Each p In sh.TextFrame.TextRange.Paragraphs
          xl.ActiveSheet.Cells(r, 1).Value = p.IndentLevel
          xl.ActiveSheet.Cells(r, 2).Value = Replace(p.Text, vbCr, "")
          r = r + 1
        Next
      End If
    Next
  Next
End Sub
```

இணையத்தில் கிடைக்கிற சில மேக்ரோக்கள் எழுத்தை `Debug.Print` வழியாகக் காட்டும். தமிழ் அங்கே வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்தச் சாளரம் யுனிகோடைக் காட்டாது. இது நேரே எக்செல் கலத்தில் எழுதுவதால் தமிழ் கெடாது.

ஸ்லைட்டின் தலைப்பும் மட்டம் 1 என்றே வரும். ஸ்லைட் இலக்கம் இருந்தால் அதுவும் ஒரு வரியாக வரும். வேண்டாதவற்றை, சூத்திரம் போடுவதற்கு முன்னால் நீக்கிவிடுங்கள். தலைப்பையே முதல் நிரலாக வைக்க விரும்பினால், மற்ற வரிகளின் மட்டத்தோடு ஒவ்வொன்று கூட்டி, F1 இல் 4 என்று எழுதி, மேலே சொன்ன 0, 1 கணக்கை G நிரலுக்கு மாற்றுங்கள். ஒன்றாகக் குழுவாக்கிய வடிவங்களுக்குள் இருக்கும் எழுத்தை இந்த மேக்ரோ எடுக்காது. அப்படியான ஸ்லைட்டில் முதலில் `Ungroup` செய்துவிட்டு ஓட்டுங்கள்.

டீச்சருக்கு அந்த நாற்பது கொப்பியையும் மறுபடி என் செலவிலேயே எடுத்துக் கொடுத்தேன். பழைய தாள்களின் பின்பக்கத்தில்தான் இப்போதும் கடையில் கணக்கு எழுதுகிறோம்.